கேமரா ஒரு பக்கம், முகங்கள் இன்னொரு பக்கம்: இரண்டு திரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

லேப்டாப்போடு இன்னொரு மானிட்டரையும் மாட்டி வேலை செய்கிறவர்களில் பலர், மீட்டிங் தொடங்கியதும் அந்த விண்டோவைப் பெரிய மானிட்டருக்கு இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் முகங்கள் பெரிதாகத் தெரியும், எழுத்தும் படிக்க வசதி. கேமரா மட்டும் லேப்டாப் மூடியிலேயே நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் நீங்கள் எதிராளியின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறீர்கள். அந்தப் பக்கம் அவருக்குத் தெரிவதோ உங்கள் கன்னமும் காதும்.

இதற்கு ஊரில் எல்லாரும் சொல்லும் மருந்து, "கேமராவைப் பார்த்துப் பேசு" என்பது. அது பாதி மருந்துதான். கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவர் முகம் சுளிக்கிறாரா, தலையாட்டுகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் ஒரு சின்னக் கண்ணாடிப் புள்ளியோடு பேசிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. கண்ணைப் பழக்குவதைவிட முகத்தைக் கேமராவுக்கு அருகே கொண்டுவருவது சுலபம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேலையைப் பற்றியதுதான்.

எவ்வளவு விலகினால் தெரியும்

முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே 57 சென்டிமீட்டர் தூரம் இருந்தால், திரையில் ஒரு சென்டிமீட்டர் என்பது உங்கள் பார்வைக் கோணத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி. மேசை முன்னால் நாம் வழக்கமாக உட்காரும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் டிகிரிக் கணக்கு எதுவும் போடாமல், சாதாரண ஸ்கேல் ஒன்றை வைத்தே அளந்துவிடலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மில்டன் சென் என்ற ஆய்வாளர் 2002இல் இதைச் சோதித்து எழுதினார். வீடியோவில் ஒருவர் நம் கண்ணைப் பார்க்கிறாரா இல்லையா என்பதை இடம், வலம், மேல் ஆகிய மூன்று திசைகளிலும் மனிதர்கள் மிகக் கூர்மையாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கீழ்ப்பக்கம் மட்டும் அவ்வளவு கூர்மை இல்லை. பார்வை கேமராவுக்குக் கீழே சுமார் 5 டிகிரி வரை இறங்கினாலும், "இவர் என்னைத்தான் பார்க்கிறார்" என்றே பார்ப்பவருக்குத் தோன்றுகிறது.

இதிலிருந்து வரும் விதி எளியது. நீங்கள் பார்க்கும் முகத்தின் கண்கள், கேமராவுக்கு நேர் கீழே, 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கக் கூடாது, மேலேயும் இருக்கக் கூடாது.

இப்போது வழக்கமான மேசையை இந்த ஸ்கேலால் அளந்து பாருங்கள். 14 அங்குல லேப்டாப்பின் திரை அகலம் 31 சென்டிமீட்டர். 24 அங்குல மானிட்டரின் அகலம் 53. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், லேப்டாப் கேமராவிலிருந்து மானிட்டரின் நடுவரைக்கும், இரண்டின் ஓரச் சட்டங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் வந்துவிடும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய 36 டிகிரி விலகல். விண்டோவை மானிட்டரின் ஓரத்துக்கு, லேப்டாப்பை ஒட்டித் தள்ளி வைத்தால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். அப்படி வைத்தாலும் விலகல் 20 டிகிரிக்குக் கீழே வராது. வேறு திரையில் முகம் இருக்கிறவரை ஓரம் நகர்த்துவதெல்லாம் வீண் வேலை.

ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் வாடகைக்கு இருக்கும் என் அக்காள் மகளுக்கு, கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு வேலைக்கு ஆன்லைன் நேர்முகத் தேர்வு வந்தது. அதற்கு ஒத்திகை பார்க்க நான் பிரிக்பீல்ட்ஸில் இருந்தபடி அழைத்தேன். அவள் மேசை மேலே சொன்ன அதே அமைப்புதான். நேர் எதிரே 24 அங்குல மானிட்டர், அதில் மீட்டிங். இடது பக்கம் லேப்டாப், கொஞ்சம் சாய்த்து வைத்தது, அதில் கேமரா.

"மாமா, சத்தம் கேக்குதா?"

"சத்தம் நல்லாக் கேக்குதும்மா. ஆனா நான் உன் தோட்டுக்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"நான் உங்களைத்தானே மாமா பாக்குறேன்!"

அவள் சொன்னது பொய்யில்லை. அவள் திரையில் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் திரையில் அவளுடைய இடது காதும், தோடும், பாதிக் கன்னமும்தான் இருந்தன.

இந்தத் தேர்வில் ஒரு கூடுதல் சிக்கலும் இருந்தது. அவள் முன்பு தயாரித்த ஒரு எக்செல் அட்டவணையைத் திரையில் காட்டி விளக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் மானிட்டரை முழுக்க விட்டுவிடவும் முடியாது. அப்படிக் காட்ட எதுவும் இல்லாத நேர்முகத் தேர்வாக இருந்தால் நான் ஒரே வரியில் முடித்திருப்பேன்: விண்டோஸில் `Win + P` அழுத்தி `PC screen only` தேர்ந்தெடுத்து மானிட்டரை அணைத்துவிடு. இரண்டாவது திரை இல்லையென்றால் கண் அங்கே போக வழியில்லை. உங்களுக்கு அது போதுமென்றால், லேப்டாப்பை நேர் எதிரே இழுத்து வைத்து, கீழே உயரம், சின்ன விண்டோ, சோதனை ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை மட்டும் படித்தால் போதும்.

முதல் வேலை: சாமான்களை இடம் மாற்றுவது

மென்பொருளைத் தொடுவதற்கு முன் மேசையைத் தொட வேண்டும். கேமரா உள்ள திரைதான் மீட்டிங் நேரத்தில் நேர் எதிரே இருக்க வேண்டும். ஆகவே லேப்டாப் நடுவுக்கு, மானிட்டர் பக்கத்துக்கு. தினசரி வேலைக்கு மானிட்டர் நடுவில் இருப்பதே வசதி என்பவர்கள் மீட்டிங்குக்கு மட்டும் நாற்காலியை லேப்டாப் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பி உட்கார வேண்டும். தோள் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக இருந்தால் பத்து நிமிடத்தில் உடம்பு தன் பழைய திசைக்கே போய்விடும், கண்ணும் கூடவே போகும்.

அடுத்தது உயரம். மேசைமேல் தட்டையாக வைத்த 14 அங்குல லேப்டாப்பின் கேமரா மேசையிலிருந்து 20 சென்டிமீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் கண் அதைவிட ஏறக்குறைய இன்னொரு 20 சென்டிமீட்டர் மேலே இருக்கும். கேமரா தாடையை அண்ணாந்து பார்ப்பதால் மூக்குத் துவாரமும் மேலே சுழலும் காற்றாடியும்தான் படத்தில் வரும். லேப்டாப்புக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் கொடுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் தடித்த புத்தகங்கள் போதும், ஆனால் ஆட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இவ்வளவு உயரத்தில் லேப்டாப் கீபோர்டில் தட்ட முடியாது. தனிக் கீபோர்டும் மவுஸும் மேசையில் இருக்க வேண்டும்.

அக்காள் மகள் வீட்டில் இன்னொரு யோசனையும் சொன்னாள். மேசை சின்னது, லேப்டாப்பை மானிட்டருக்கு முன்னால், அதன் அடி விளிம்பை ஒட்டி வைத்தால் என்ன? கேமரா அப்போது மானிட்டருக்கு நடுவில், அடியில் வந்துவிடுமே. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மீட்டிங் விண்டோவை மானிட்டரிலேயே விட்டால் பார்வை கேமராவுக்கு மேலே போகும். மேல் விலகலை மக்கள் உடனே கண்டுபிடிப்பார்கள் என்று பார்த்தோம். படத்தில் அது கூரையைப் பார்த்துப் பேசுவது போல விழும். இந்த மாதிரி மேலும் கீழுமாக வைப்பது நல்ல அமைப்புதான், ஆனால் முகங்கள் கீழே லேப்டாப்பிலும், அட்டவணை மேலே மானிட்டரிலும் இருந்தால் மட்டும். அவள் கடைசியில் இதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

மேசையை மாற்றியபின் கணினிக்கும் அதைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் `Settings` > `System` > `Display` போனால் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். எது எது என்று புரியாவிட்டால் `Identify` அழுத்துங்கள், அந்தந்தத் திரையில் எண் வரும். மேசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே கட்டங்களை இழுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மவுஸ் தவறான விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தேடும் அந்த இரண்டு விநாடியில் உங்கள் கண் எல்லாத் திசையிலும் அலைவதை எதிராளி பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வேலை: விண்டோவைக் கேமராவுக்குக் கீழே தைப்பது

மீட்டிங்கில் சேர்ந்ததும் விண்டோ தவறான திரையில் திறந்தால், அதன்மேல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு `Win + Shift + ←` அல்லது `Win + Shift + →` அழுத்துங்கள். விண்டோ அப்படியே அடுத்த திரைக்குத் தாவும். மேக்கில் மேலே `Window` மெனுவைத் திறந்தால் `Move to` என்று தொடங்கும் வரியில் அடுத்த திரையின் பெயர் இருக்கும்.

திரைக்கு வந்ததும் அதை முழுத்திரையாக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கேமரா உங்கள் திரை தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. விண்டோவின் தலைப்புப் பட்டை இன்னொரு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழேதான் வீடியோ. வீடியோவில் ஒருவர் முகம் சாதாரணமாக அமையும்போது கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். வீடியோவின் உயரம் 6 சென்டிமீட்டர் என்றால் கண்கள் அதில் 2 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். எல்லாம் கூட்டினால் கேமராவிலிருந்து 4 சென்டிமீட்டர். 5க்குள் அடங்கிவிட்டது.

அதே வீடியோவை முழுத்திரையாக்கினால் கண்கள் 6, 7 சென்டிமீட்டர் கீழே போய்விடும். ஒருவர் மட்டும் இருந்தால் அதையாவது சகிக்கலாம். நாலு பேர் நாலு கட்டத்தில் இருந்தால் கீழ் வரிசையில் இருப்பவரின் கண் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கி, பக்கவாட்டிலும் ஏழெட்டு சென்டிமீட்டர் விலகியிருக்கும்.

ஆகவே 6 சென்டிமீட்டர் உயரம், 10 அல்லது 11 சென்டிமீட்டர் அகலம். 14 அங்குலத் திரையில் அது அகலத்தின் மூன்றில் ஒரு பங்கு. சின்னதாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். முகபாவம் படிக்க அது போதும். அட்டவணையும் எழுத்தும் படிக்கத்தான் பக்கத்தில் பெரிய மானிட்டர் இருக்கிறதே. விண்டோவின் மேல் விளிம்பு திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருக்கட்டும், விண்டோவின் நடுக்கோடு கேமராவுக்கு நேர் கீழே இருக்கட்டும். சில செயலிகளில் பிரதான விண்டோ இவ்வளவு சின்னதாகச் சுருங்க மறுக்கும். அப்போது அதை மினிமைஸ் செய்தால் ஸூமிலும் டீம்ஸிலும் ஒரு சின்ன மிதக்கும் வீடியோ வரும், கூகுள் மீட்டில் மூன்று புள்ளி மெனுவில் `Open picture-in-picture` இருக்கும். அந்தச் சின்ன விண்டோ பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருக்கும், சில நேரம் மற்றத் திரையின் மூலையில். பிடித்து இழுத்துக் கேமராவுக்குக் கீழே வையுங்கள்.

பலர் இருக்கும் மீட்டிங்கில், பேசுகிறவர் மட்டும் தெரியும் காட்சிக்கு மாறுங்கள். ஸூமில் அது `Speaker`. நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்து ஒருவர்தான் கேள்வி கேட்கிறார் என்றால் அவர் படத்தை `Pin` செய்துவிடுங்கள். மற்றவர் இருமினால்கூட படம் அவருக்குத் தாவாது.

பிறகு உங்கள் சொந்தப் படம். வெளிச்சம், உயரம் எல்லாம் சரியா என்று பார்த்தபின் அதை மறைத்துவிடுங்கள். ஸூமில் உங்கள் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் `Hide Self View`, டீம்ஸில் `Hide for me`. மறைப்பதால் மற்றவர்களுக்கு நீங்கள் தெரியாமல் போய்விடமாட்டீர்கள். தன் முகம் திரையில் இருக்கிறவரை மனிதன் அதைத்தான் பார்ப்பான், இதில் ஆண் பெண் பேதமெல்லாம் கிடையாது.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? எச்.டி.எம்.ஐ கேபிளில் மானிட்டரை மாட்டினால் பல நேரம் ஒலியும் மானிட்டரின் ஸ்பீக்கருக்குப் போய்விடும். குரல் வலது பக்கத்திலிருந்து வந்தால் தலை தானாக வலது பக்கம் திரும்பும். குரல் கேட்ட திசையில் திரும்பாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்றே வளர்ந்தவர்கள் நாம். மைக் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி ஸ்பீக்கராக லேப்டாப்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை: சோதித்துப் பார்ப்பது

உங்கள் சொந்தப் படத்தை நேரலையில் பார்த்து இதைச் சோதிக்க முடியாது. படத்தைப் பார்க்கும் நொடியில் கண் கேமராவை விட்டுவிடுகிறது. பதிவு செய்துதான் பார்க்க வேண்டும்.

ஸூமில் நீங்கள் மட்டும் ஒரு மீட்டிங் தொடங்கி, கணினியிலேயே பதிவாகும்படி `Record` அழுத்துங்கள். அதற்குமுன் ஐந்து சின்ன ஒட்டுத்தாள்களில் ஒன்று முதல் ஐந்து வரை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று கேமராவை ஒட்டி, இரண்டு அதற்கு 3 சென்டிமீட்டர் கீழே, மூன்று 5 சென்டிமீட்டர் கீழே, நான்கு 10 சென்டிமீட்டர் கீழே, ஐந்து கேமராவுக்கு 5 சென்டிமீட்டர் வலது பக்கத்தில். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு விநாடி பார்த்து, அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமாக உட்காரும் தூரத்திலேயே உட்காருங்கள், சோதனைக்காக முன்னால் குனியாதீர்கள்.

மீட்டிங்கை முடித்ததும் ஸூம் பதிவைக் கோப்பாக மாற்றித்தரும். அதை நீங்கள் மட்டும் பார்க்காமல் வீட்டில் வேறு யாரையாவது சத்தம் இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். "எப்பெல்லாம் நான் உங்களைப் பார்க்குற மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு விடை முன்பே தெரியும், ஆகவே உங்கள் கண்ணை நம்ப முடியாது. ஒன்றும் இரண்டும் தேறும். மூன்று எல்லையில் நிற்கும். நான்கில் குனிந்து எதையோ படிக்கிற மாதிரி இருக்கும். ஐந்தாவது வெறும் 5 சென்டிமீட்டர்தான் விலகியிருக்கிறது, ஆனால் நான்கைவிட அதுதான் அதிகம் உறுத்தும்.

மூன்றாவதிலேயே "கீழே பார்க்கிறாய்" என்று சொன்னால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். 60 சென்டிமீட்டரிலிருந்து 80க்குப் போனால் அதே 5 டிகிரிக்கு 7 சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். காசில்லாத வைத்தியம் இது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு: பின்னால் போகப் போக முகம் சின்னதாகும், லேப்டாப் மைக்கில் அறையின் எதிரொலி கூடும். ஒரு மீட்டருக்கு மேல் போவதாக இருந்தால் இயர்போன் மைக் கட்டாயம்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பதிவில் இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்து மானிட்டரில் வெள்ளை அட்டவணை திறந்திருந்தால் அது கண்ணாடியில் சின்ன வெள்ளைச் சதுரமாகப் பளிச்சிட்டு, கண்ணையே மறைத்துவிடும். மானிட்டரின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு விளக்கு போட்டால் தணியும்.

அட்டவணையைக் காட்டும்போது

இப்போது அந்த எக்செல். `Share` அழுத்தியதும் எந்தத் திரை என்று கேட்கும், மானிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பகிர ஆரம்பித்த உடனே மீட்டிங் விண்டோ உருமாறும். ஸூமில் முகங்கள் ஒரு சின்ன மிதக்கும் பலகையாகச் சுருங்கும், அது பகிரும் திரைக்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். இவ்வளவு நேரம் பாடுபட்டு அமைத்தது ஒரு கிளிக்கில் கலைந்துவிடும். ஒத்திகையில் அக்காள் மகள் திடீரென்று மேலே பார்க்க ஆரம்பித்ததும் இதனால்தான். அந்தப் பலகையைப் பிடித்து மறுபடியும் லேப்டாப்புக்கு, கேமராவுக்குக் கீழே இழுக்க வேண்டும். இதைத் தேர்வு அன்று முதல்முறையாகச் செய்யக் கூடாது. பகிர்வது, பலகையை இழுப்பது, பகிர்வை நிறுத்துவது என்று கை பழகும்வரை செய்துபாருங்கள். நிறுத்தியதும் விண்டோ பழைய அளவுக்கும் இடத்துக்கும் வருகிறதா என்பதையும் பாருங்கள். சில நேரம் முழுத்திரையாக வந்து நிற்கும்.

அட்டவணையைப் பார்க்கும்போது கேமராவைப் பார்க்கிற மாதிரி நடிக்க வேண்டியதில்லை. நடித்தால்தான் தப்பாகத் தெரியும். முகம் கேமராவைப் பார்த்தபடி கண் மட்டும் ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தால் எதையோ ஒளித்து வைத்துப் படிக்கிற தோரணை வந்துவிடும். தலையைத் திருப்பியே பாருங்கள், சொல்லிவிட்டும் பாருங்கள். "மேலே இன்னொரு திரையில அட்டவணை இருக்கு சார், அதைப் பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு வரி போதும். காரணம் தெரிந்துவிட்டால் நீங்கள் எங்கே திரும்பினாலும் எதிராளிக்கு அது வேலையாகத்தான் தெரியும். எண்ணைப் படித்துவிட்டு அதன் பொருளைச் சொல்ல வரும்போது முகத்துக்குத் திரும்புங்கள். "மார்ச் மாதத்தில் செலவு கூடியிருக்கிறது" என்பதை மானிட்டரைப் பார்த்துச் சொல்லலாம். "அது ஏன் என்றால்" என்று தொடங்கும்போது கண் கீழே லேப்டாப்பில் இருக்கட்டும்.

குறிப்பு வைத்துக்கொள்பவர்கள், வீடியோவுக்கு நேர் கீழே ஒரு நோட்பேட் விண்டோவை அதே 10 சென்டிமீட்டர் அகலத்தில் திறந்து வையுங்கள். கண் கீழே இறங்குவதை மன்னிக்கும் எதிராளி, அது இடமிருந்து வலமாக ஓடித் திரும்புவதை மன்னிக்கமாட்டார். வரி நீளமாக இருந்தால் ஓட்டம் பெரிதாகும். வரிக்கு மூன்று நான்கு சொல், எழுத்து பெரிது, முழு வாக்கியம் வேண்டாம். வாக்கியம் எழுதினால் வாக்கியத்தைத்தான் படிப்பீர்கள், அது குரலிலேயே தெரிந்துவிடும்.

எப்போது லென்ஸைப் பார்ப்பது

விண்டோ சரியான இடத்தில் இருந்தால் பெரும்பாலான நேரம் முகத்தைப் பார்த்தாலே போதும். லென்ஸையே பார்ப்பதை இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம்: வணக்கம் சொல்லும்போது, ஒரு பதிலின் முதல் வாக்கியத்தில், கடைசி வாக்கியத்தில். நடுவில் யோசிக்கும்போது கண் எங்காவது போகட்டும். நேருக்கு நேர் பேசும்போதும் யோசிக்கிற மனிதன் எதிராளியை வெறித்துக்கொண்டு யோசிப்பதில்லை. பேசும்போது பார்ப்பதைவிடக் கேட்கும்போதுதான் மனிதர்கள் மற்றவரை அதிகம் பார்க்கிறார்கள். ஆகவே கேள்வி வரும் நேரம் முகத்தில் கண் இருப்பது முக்கியம், அப்போது சாட் பெட்டியைப் படிக்காதீர்கள்.

நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது பழக்கம். அதற்காகத் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. கீழ் நோக்கிய சின்ன இறக்கத்தைத்தான் கேமரா நமக்கு மன்னித்துவிடுகிறதே. ஆனால் தாழ்ந்த கண் கீபோர்டு வரைக்கும் போய்விட்டால் தட்டச்சு செய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் எல்லாம் கலைந்திருந்தால்

கேபிளைக் கழற்றி மாட்டினால் விண்டோக்கள் இடம் மாறும். விண்டோஸ் 11இல் `Settings` > `System` > `Display` > `Multiple displays` உள்ளே `Remember window locations based on monitor connection` என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்து வையுங்கள். ஓரளவு காப்பாற்றும். ஸூமின் `Use dual monitors` தேர்வை ஆன் செய்தவர்களுக்கு இரண்டு விண்டோக்கள் வரும், பகிர்ந்த திரை ஒன்றில், முகங்கள் இன்னொன்றில். நல்ல வசதிதான், ஆனால் எது எந்தத் திரைக்குப் போகிறது என்பதை மீட்டிங்குக்கு முன் பாருங்கள். தலைகீழாக விழுந்தால் இரண்டையும் இழுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். எதுவானாலும் ஐந்து நிமிடம் முன்னதாகச் சேர்ந்து, விண்டோவைச் சரியான இடத்தில் வைத்த பிறகு கேமராவை ஆன் செய்வது நல்லது.

பெரிய மானிட்டரைத் தவிர வேறெங்கும் பார்க்கவே முடியாத வேலை சிலருக்கு உண்டு. நாள் முழுக்க மற்றவர்கள் பகிரும் வரைபடங்களைப் பார்த்துப் பேசும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பொறியாளர்கள் மாதிரி. அவர்களுக்கு லேப்டாப் கேமராவை மறந்துவிட்டுத் தனி யூ.எஸ்.பி கேமரா வாங்குவதே சரி. மானிட்டரின் மேல் விளிம்பில், நடுவில் மாட்டி, முகங்களின் விண்டோவை அதற்குக் கீழே ஒட்டவையுங்கள், அதே 5 சென்டிமீட்டர் விதிதான். மாட்டியபின் மீட்டிங் செயலி பழைய லேப்டாப் கேமராவையே பிடித்துக்கொண்டிருக்கும், வீடியோ பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் புதியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மானிட்டர் உயரமாக இருந்து கேமரா நெற்றிக்கு மேலே போய்விட்டால், மானிட்டரைத் தாழ்த்துங்கள். தாழ்த்த வழியில்லாத மானிட்டர் என்றால், அடியில் திருகு துளை உள்ள கேமராவாகப் பார்த்து வாங்கி, சின்ன முக்காலியில் பொருத்தி மானிட்டருக்கு முன்னால் கண் உயரத்தில் நிறுத்தலாம். திரையில் கொஞ்ச இடத்தை அது மறைக்கும், முகங்களை அதற்கு நேர் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்கு அடியில் கேமரா வைத்த சில பழைய லேப்டாப்புகளுக்கும் இதுதான் வழி. அவற்றில் விண்டோவை எங்கே வைத்தாலும் பார்வை கேமராவுக்கு மேலேதான் போகும். வாங்கும்போது கேபிள் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் மேசைக்கு அடியிலோ தூரத்திலோ இருந்தால் கேபிள் மானிட்டர் உச்சி வரை எட்டாது. நீட்டிப்புக் கேபிள் போட்டால் மொத்தம் 5 மீட்டருக்குள் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் படம் அடிக்கடி அறுந்துபோகும்.